சந்தையில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் கோட்டை வெட்டிப் பார்த்த கதை: மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு பேச்சு

மேசையில் நான்கு எக்ஸ்டென்ஷன் கோட் கிடந்தன. அதில் ஒன்று பாதி உருகிக் கறுத்துப் போய், வயரின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு கட்டி மாதிரி இருந்தது. அது எங்கள் மாமி வீட்டுக் கோட். சேர் அதை எடுத்துக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கினார்.

சேர் என்றால் எங்கள் ஊரில் ஒருவர்தான். முப்பது வருசத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், என் அம்மாவுக்கும் படிப்பித்தவர், எனக்கும் படிப்பித்தவர். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து, வாரச்சந்தையில் கம்பனிப் பெயர் போட்டு விற்கிற போலிச் சாமான்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசச் சொல்லி அவரைக் கேட்டிருந்தார்கள். சவர்க்காரம், கிறீம், சப்பாத்து, பற்றரி என்று எல்லாவற்றையும் தொட்டுப் பேசுவார் என்றுதான் பலர் நினைத்து வந்தார்கள். அவர் ஒரே ஒரு சாமானை எடுத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் பேசினார். நான் அன்று மேசை தூக்கவும் ஒலிபெருக்கி பிடிக்கவும் போனவன், முழுவதும் கேட்டேன், பிறகு அவர் வீட்டுக்குப் போய் அந்த நான்கையும் கையில் எடுத்துப் பார்த்தேன். வராதவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் மாமி வீட்டில் நடந்தது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு நேரம், வீடு நிறைய ஆட்கள். குசினியில் இருக்கிற ஒரே பிளக் சொக்கெட்டில் ரைஸ் குக்கர் போட்டிருந்ததால், தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலை மண்டபத்துப் பக்கம் கொண்டுவந்து, புதிதாகச் சந்தையில் வாங்கிய கோட்டில் போட்டார்கள். மூன்று மீற்றர் வயர், பாதியைச் சுற்றிக் கட்டியபடியே பாய்க்குக் கீழே தள்ளிவிட்டிருந்தார்கள், யாரும் கால் தடக்கி விழக்கூடாது என்று. கேத்தில் காலையிலிருந்து நிற்காமல் கொதித்தது. பத்து மணி போல ஒரு நாற்றம் வந்தது, சாம்பிராணி மணத்தில் யாருக்கும் முதலில் தெரியவில்லை. பாயில் ஒரு இடம் மண்ணிறமாகி ஓட்டை விழுந்த பிறகுதான் மச்சான் ஓடிப்போய் மெயின் சுவிச்சை இறக்கினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாயில் கொஞ்சம் முன்புவரை சின்னப்பிள்ளை ஒன்று படுத்திருந்தது என்பதை மாமி இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுவா.

அந்தக் கோட்டின் மேல் எல்லாரும் அறிந்த ஒரு கம்பனியின் பெயர் இருந்தது. பெட்டியில் இலங்கைத் தரத்துக்கான எஸ்.எல்.எஸ். முத்திரை இருந்தது. 13 அம்பியர் என்று எழுதியிருந்தது. வயரில் 1.25 சதுர மில்லிமீற்றர் என்று அச்சடித்திருந்தது. விலை 950 ரூபாய், அதே பெயரில் ஊர் ஹார்ட்வெயார் கடையில் இருப்பது மூவாயிரத்துக்கு மேல். மாமி ஏமாளி இல்லை, எழுத்துக் கூட்டி எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறா. சேர் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான்: பார்த்து வாங்கியவருக்கே இப்படி என்றால், பார்த்த இடம் பிழை.

"பேர ஆரும் அடிக்கலாம் மனே. செம்ப ஆரும் சும்மா தரமாட்டான்." இது அவர் வாயால் சொன்னது. பெட்டி, பெயர், முத்திரை, பார்கோட் எல்லாம் அச்சு. அச்சடிக்க ஒரு பெட்டிக்குச் சில ரூபாய்தான் செலவு, அதனால் போலி செய்கிறவன் அதில் குறை வைக்கமாட்டான், சில நேரம் அசலை விட மினுக்கமாகவே அடிப்பான். அவனுக்கு லாபம் கிடைப்பது விலை கூடிய பொருளைக் குறைக்கிற இடத்தில். கோட்டில் விலை கூடியது செம்பும் பித்தளையும். பிறகு உள்ளே இருக்கிற பியூஸ், சொக்கெட் ஓட்டைக்குள் இருக்கிற சின்ன மறைப்பு, இப்படிக் கண்ணுக்குத் தெரியாத வேலைகள். ஆகவே அங்கேதான் பார்க்க வேண்டும்.

பார்கோட்டைப் பற்றி ஒருவர் கேட்டார், 479 என்று தொடங்கினால் இலங்கைச் சாமான், நல்ல சாமான்தானே என்று. இந்த நம்பிக்கை எங்கள் பக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. 479 என்பது அந்த எண்ணை இலங்கையில் பதிவு செய்து எடுத்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் காட்டும், சாமான் எங்கே செய்தது என்றோ தரமானது என்றோ சொல்லாது என்றார் சேர். அதோடு அசல் பெட்டியின் பார்கோட்டை அப்படியே படமெடுத்து அடித்தால், போனில் ஸ்கேன் பண்ணும்போது அசல் சாமானின் பெயரே வரும். மாமி வாங்கிய பெட்டியும் 479 தான்.

உள்ளே இருந்தது

மாமியின் கோட்டை வாங்கிக்கொண்டு போன சேர், அடுத்த கிழமை சந்தைக்குப் போய் நிலத்தில் பாய் விரித்து விற்கிற வேறு வேறு பாய்க்கடைகளில் அதே பெயர் போட்ட இன்னும் இரண்டு கோட் வாங்கினார். அப்புறம் ஹார்ட்வெயார் கடையில் பில்லோடு ஒன்று. எல்லாம் அவருடைய பென்சன் காசு. நான்கையும் வெட்டிப் பார்த்திருந்தார், அந்த வெட்டிய துண்டுகளைத்தான் அட்டையில் ஒட்டிக் கொண்டு வந்திருந்தார்.

கடைக் கோட்டில் மூன்று வயர், ஒவ்வொன்றிலும் 40 இழை. இழையின் தடிப்பை அளக்க அவர் காட்டிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு இழையைப் பென்சிலில் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், 40 சுற்றுச் சுற்றி, சுற்றிய அகலத்தை அடிமட்டத்தால் அளக்கிறார். கடைக் கோட்டில் 8 மில்லிமீற்றர் வந்தது, அப்படியென்றால் ஒரு இழை 0.2. அந்தத் தடிப்பில் 40 இழை சேர்ந்தால் குறுக்குப் பரப்பு 1.25 சதுர மில்லிமீற்றர். வயரில் எழுதியிருப்பது சரி.

மாமியின் கோட்டில் வயரே இரண்டுதான். மூன்று பின் உள்ள பிளக், மூன்று ஓட்டை உள்ள சொக்கெட், ஆனால் நடுவில் இரண்டு வயர். எர்த் பின் எதோடும் தொடுக்கப்படாமல் சும்மா நிற்கிறது. ஒவ்வொரு வயரிலும் 14 இழை. பென்சிலில் 40 சுற்றுக்கு 6 மில்லிமீற்றர்தான் வந்தது, ஆக ஒரு இழை 0.15. கணக்குப் பார்த்தால் மொத்தம் 0.25 சதுர மில்லிமீற்றர். எழுதியிருப்பதில் ஐந்தில் ஒன்று. அதுவும் செம்பு இல்லை. பிளேட்டால் இழையைச் சுரண்டியதும் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது, அலுமினியத்துக்கு மேலே செம்புப் பூச்சு.

கரும்பலகையில் அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். கேத்தில் 2000 வாட். எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2000 ஐ 230 ஆல் பிரித்தால் 8.7 அம்பியர், இவ்வளவும் அந்த வயருக்குள்ளால் போக வேண்டும். நல்ல 1.25 வயர் 13 அம்பியர் வரை தாங்கும், ஆகவே அதற்கு இது பெரிய சுமை இல்லை. மாமியின் வயர் குறுக்குப் பரப்பில் ஐந்தில் ஒன்று, அதனால் மின்சாரத்துக்கு ஐந்து மடங்கு தடை. அலுமினியம் செம்பை விட ஏறக்குறைய 1.6 மடங்கு தடை கூடியது. ஐந்தை 1.6 ஆல் பெருக்கினால் எட்டு. அதே கேத்தில், அதே நீளம், ஆனால் வயருக்குள் எட்டு மடங்கு சூடு. மூன்று மீற்றருக்கும் சேர்த்து நல்ல வயரில் 6 வாட் அளவு சூடு வரும் இடத்தில் இதில் 50 வாட் வரும். பழைய 60 வாட் குண்டு பல்ப்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்களுக்கு 50 வாட் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. அதைச் சுற்றிக் கட்டிப் பாய்க்குக் கீழே வைத்தால் சூடு வெளியே போக வழியே இல்லை.

இந்த இடத்தில் கூட்டத்தில் ஒரு அண்ணன் எழும்பி, நான் மனதில் நினைத்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். "சேர், எங்கட வீட்டில ட்ரிப் சுவிச் இருக்குத்தானே, அது விழாதா?"

மாமி வீட்டிலும் ட்ரிப் சுவிச் இருந்தது. விழவில்லை. ஏன் விழவில்லை என்பதற்கு சேர் சொன்ன விளக்கம்தான் அன்றைய பேச்சிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். ட்ரிப் சுவிச் பார்ப்பது ஒன்றே ஒன்றை: போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா, அல்லது எங்காவது நிலத்துக்கோ மனிதர் உடம்புக்கோ கசிகிறதா என்று. பாய்க்குக் கீழே வயர் கொதித்துக்கொண்டிருந்தபோது கசிவு எதுவும் இல்லை, போனது முழுவதும் திரும்பி வந்தது. மெயின் பெட்டியில் இருக்கிற மற்றச் சின்ன சுவிச்சுகள், பிரேக்கர்கள், அளவுக்கு மேல் மின்சாரம் போனால் விழுபவை. 8.7 அம்பியர் அளவுக்கு மேல் இல்லையே, கேத்தில் எடுக்க வேண்டிய அளவுதான். பிளக்குக்குள் அசல் 13 அம்பியர் பியூஸ் இருந்திருந்தாலும் அதுவும் எரிந்திருக்காது. பிழை கேத்திலில் இல்லை, லைனிலும் இல்லை, இடையில் இருந்த வயர் சொன்னபடி இல்லை. அதைக் கண்டுபிடிக்கிற கருவி எதுவும் வீட்டில் இல்லை. மூக்கு மட்டும்தான் இருந்தது.

மாமியின் பிளக்கைத் திறந்து பார்த்தபோது பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகட்டுத் துண்டு இருந்தது. அசல் பியூஸ் வெள்ளைப் பீங்கான் குழாய், ஒரு அங்குல நீளம், இரண்டு பக்கமும் உலோக மூடி, மேலே அம்பியர் எண். அந்தத் தகட்டால் வயருக்குள் இரண்டு கம்பிகள் உருகித் தொட்டுக்கொண்டாலும் பிளக் அளவில் தடுக்க எதுவும் இருந்திருக்காது.

எர்த் பற்றி ஒரு அக்கா கேட்டா, இரண்டு வயரில் கேத்தில் வேலை செய்ததுதானே, மூன்றாவது எதற்கு என்று. வேலை செய்யும், அதுதான் ஆபத்து. கேத்தில், அயன், கிறைண்டர் போன்ற உலோக உடம்புள்ள சாமானுக்குள் ஒரு வயர் விட்டுப்போய் உடம்பைத் தொட்டால், எர்த் வயர் இருந்தால் மின்சாரம் அதனூடாக ஓடி உடனே ட்ரிப் விழும். எர்த் இல்லையென்றால் உடம்பில் கரண்ட் காத்துக்கொண்டு நிற்கும், யாராவது தொடும்போது அவருடைய உடம்பினூடாகத்தான் முதல் கசிவே போகும். அப்போது ட்ரிப் விழலாம், ஆனால் ஆளுக்கு அடித்த பிறகு விழும்.

சந்தையில் நின்றுகொண்டு பார்க்கக்கூடியது

வெட்டிப் பார்ப்பது வீட்டில். காசு கொடுக்கும் முன் என்ன செய்யலாம்? சேர் சொன்னவை நான்கு, ஆனால் நான்கும் ஒரே அளவு நம்பத்தக்கவை அல்ல, அதையும் அவரே சொன்னார்.

காந்தம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய ஒரு துண்டு போதும். பிளக்கின் மூன்று பின்னிலும் வைத்துப் பாருங்கள். நல்ல பிளக்கில் பின் பித்தளை, காந்தம் ஒட்டாது. சந்தையில் அவர் வாங்கிய இரண்டில் ஒன்றின் பின்கள் டக்கென்று ஒட்டின, இரும்புக்குப் பித்தளை நிறப் பூச்சு. இரும்புப் பின் கறள் பிடிக்கும், இறுக்கம் குறையும், தொடுகிற இடம் சூடாகும். எங்கள் உப்புக் காற்றில் அது இன்னும் சுருக்காக நடக்கும். ஒரு கவனம், பிளக்கின் திருகாணி அசலிலும் இரும்புதான், அதில் காந்தம் ஒட்டினால் பதற வேண்டாம், பின்னில் மட்டும் பார்க்க வேண்டும்.

எர்த் பின். மேலே தனியாக, நீளமாக, தடிப்பாக இருப்பது. கீழே இருக்கிற இரண்டு பின்னிலும் அடிப்பாகத்தில் கறுப்பு பிளாஸ்டிக் உறை இருக்கலாம், அது பாதுகாப்புக்கு. எர்த் பின்னில் அந்த உறை இருக்கவே கூடாது. இருந்தால் சொக்கெட்டுக்குள் போன பிறகு உலோகத்தோடு சரியாகத் தொடாது. பெரிய கம்பனி எதுவும் அப்படிச் செய்யாது, செய்கிறவனுக்கு எர்த் எதற்கென்றே தெரியாது. அந்த உறையைக் கண்டால் வேறு எதையும் பார்க்காமல் வைத்துவிட்டு வரச் சொன்னார். ஆனால் போன் சார்ஜரில் எர்த் பின் முழுவதும் பிளாஸ்டிக்கில் இருக்கும், அது வேறு கதை. அந்தச் சார்ஜருக்கு எர்த் தேவையில்லை, சொக்கெட்டின் மறைப்பைத் திறக்க மட்டும் அந்தப் பின். அதைக் கண்டு போலி என்று சண்டைக்குப் போக வேண்டாம். கோட்டில், கேத்திலில், அயனில் அப்படி இருந்தால்தான் பிழை.

ஓட்டை. கோட்டின் சொக்கெட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கீழ் இரண்டு ஓட்டைக்குள்ளும் பாருங்கள். நல்ல 13 அம்பியர் சொக்கெட்டில் உள்ளே பிளாஸ்டிக் மறைப்பு மூடியிருக்கும், பெரும்பாலும் எர்த் பின் உள்ளே போகும்போதுதான் அது விலகும். குழந்தை கம்பியை விட்டால் படக்கூடாது என்பதற்காக வைத்தது. உள்ளே உலோகம் பளிச்சென்று தெரிந்தால் மறைப்பே இல்லை. எல்லாப் பிளக்கும் போடலாம் என்று சொல்லி விற்கிற, வட்டப் பின்னும் சதுரப் பின்னும் போகிற ஓட்டை இருந்தால் அதில் எந்தப் பின்னும் இறுக்கமாக நிற்காது. எங்கள் ஊரில் அநேகம் வீடுகளில் இதுதான் இருக்கிறது, என் வீட்டிலும் இருந்தது, பேச்சு முடிந்து வந்து கழற்றினேன்.

கடைசி, எழுத்து. வயரின் மேல் அளவு அச்சடித்திருக்கும், ஈர விரலால் அழுத்தித் தேய்த்தால் அழியக்கூடாது. பிளக்கில் பின் நிற்கிற பக்கத்தில் 13 அம்பியர் என்பதும் கட்டளை எண்ணும் பிளாஸ்டிக்கிலேயே பொறித்திருக்கும். எஸ்.எல்.எஸ். முத்திரையோடு ஒரு எண் இருக்கும், முத்திரை மட்டும் தனியே நின்றால் சந்தேகப்பட வேண்டும். கம்பனிப் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இதை அவர் கடைசியாகச் சொன்னதற்குக் காரணம், இதுவும் அச்சுத்தான்.

மாமியின் கோட் இவற்றில் எத்தனையில் பிடிபட்டிருக்கும் என்று நான் பிறகு பார்த்தேன். பின்கள் காந்தத்தில் ஒட்டவில்லை. எர்த் பின்னில் உறை இல்லை. எழுத்து அழியவில்லை. ஓட்டைக்குள் மட்டும் மறைப்பு இல்லை, உலோகம் தெரிந்தது. அந்த ஒன்றைத் தெரிந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

ஆனால் சந்தையில் வாங்கிய மூன்றாவது கோட் நான்கிலும் தேறியது! பித்தளைப் பின், மறைப்பு, உறை இல்லாத எர்த், அழியாத எழுத்து, உள்ளே மூன்று வயர், அசல் பியூஸ், செம்பும் உண்மைச் செம்பு. வெட்டி எண்ணியபோது 16 இழை. 0.2 தடிப்பில் 16 இழை என்றால் அரை சதுர மில்லிமீற்றர், மூன்று அம்பியர் தாங்குகிற வயர். மேலே எழுதியது 1.25. போன், டிவி, மின்விசிறிக்கு அது வருசக்கணக்காக நின்று பிடிக்கும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். கேத்திலைப் போடுகிற அன்றைக்குத்தான் தெரியும். ஆகவே இந்தச் சோதனைகள் கழிக்கத்தான் உதவும், நல்லது என்று முடிவெடுக்க உதவாது. ஒன்றில் தவறினால் போலி என்று சொல்லலாம், நான்கிலும் தேறினால் இன்னும் தெரியாது என்றுதான் சொல்லலாம்.

பாரத்தைப் பற்றியும் கேட்டார்கள். மூன்று மீற்றர், மூன்று கம்பி, 1.25 செம்பு என்றால் செம்பு மட்டும் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். மாமியின் வயரில் உரித்தெடுத்த கம்பியை நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார் சேர், 5 கிராம். இவ்வளவு வித்தியாசம் கையில் தெரிய வேண்டுமே என்றால், தெரியவில்லை, ஏனென்றால் மேலே பிளாஸ்டிக்கைத் தடிப்பாகப் போட்டிருந்தான். அசலும் போலியும் பக்கத்தில் இருந்தால் மரக்கறிக்காரரின் தராசில் வைத்துப் பார்க்கலாம், ஒன்றை மட்டும் தூக்கிப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்கு அவர் காட்டிய ஒரு சோதனை இருக்கிறது, பிள்ளைகளே செய்யலாம், ஆனால் கோட் சுவரிலிருந்து கழற்றிக் கையில் இருக்க வேண்டும், அதில் எதுவும் போட்டிருக்கக் கூடாது. இரண்டு டோர்ச் பற்றரி, ஒரு டோர்ச் பல்ப், இரண்டு துண்டு வயர். பற்றரியும் பல்ப்பும் தொடுத்த வயரின் ஒரு நுனியைப் பிளக்கின் எர்த் பின்னில் வைத்து, மற்ற நுனியைச் சொக்கெட்டின் எர்த் ஓட்டைக்குள் உலோகத்தில் தொட்டால் பல்ப் எரிய வேண்டும். எரியாவிட்டால் எர்த் இல்லை. மண்டபத்திலேயே செய்து காட்டினார், மாமியின் கோட்டில் எரியவில்லை, முன்வரிசையில் இருந்த பெத்தா ஒருவர் "அடியே, ஒண்டுமில்லையே உள்ளுக்கு" என்று சத்தமாகவே சொன்னா. எரிந்தால் எர்த் தொடர்பு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், வயரின் தடிப்பை இது சொல்லாது.

வாங்க ஏலாதவர்களும், விற்கிறவரும்

மூவாயிரம் கொடுக்க ஏலாது சேர் என்று ஒருவர் நேராகவே சொன்னார். நெல் வெட்டி முடியாத மாதத்தில் அது சின்னக் காசு இல்லை. சேர் அவரை வாங்கச் சொல்லவில்லை. சூடாக்குகிற சாமான் எதையும், கேத்தில், அயன், ரைஸ் குக்கர், ஹீற்றர், கோட்டில் போடாமல் நேரே சுவர் சொக்கெட்டில் போடுங்கள், கோட் போனுக்கும் பல்ப்புக்கும் விசிறிக்கும் மட்டும் இருக்கட்டும் என்றார். மலிவான கோட் இருந்தால் முழுவதும் விரித்துப் போடுங்கள், சுற்றிக் கட்டாதீர்கள், பாய், தலையணை, உடுப்பு எதற்கும் கீழே வைக்காதீர்கள். பத்து நிமிசம் கழித்துப் பிளக்கின் பிளாஸ்டிக்கையும் வயரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூட்டுக்கு மேல் இருந்தால் சுவரில் சுவிச்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். எர்த் இல்லாத கோட்டையும் மறைப்பு இல்லாத கோட்டையும் பற்றி அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அவற்றை எதற்கும் வைத்திருக்க வேண்டாம் என்றார், இன்னொருவர் எடுத்துப் பாவிக்காதபடி வயரை வெட்டி எறியச் சொன்னார்.

கடைசி வரிசையில் சந்தையில் பாய்க்கடை போடுகிற ஒரு தம்பி இருந்தார். மாமிக்கு விற்றது அவர்தான் என்று சிலருக்குத் தெரியும், சத்தம் கிளம்பியது. சேர் அதை அடக்கிவிட்டு அவரைப் பேசவிட்டார். அவர் சொன்னது: கொழும்பில் மொத்தமாகப் பெட்டி பெட்டியாக எடுக்கிறோம், பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள், பில்லும் தரமாட்டார்கள், அசல் என்றுதான் சொல்லித் தந்தார்கள். எனக்கு அது பாதிதான் நம்பக்கூடியதாக இருந்தது. 950 ரூபாய்க்கு விற்கிறவருக்கு அசலின் விலை தெரியாமல் இருக்காது. ஆனால் உள்ளே வயர் இரண்டுதான் என்பது தெரிந்திருக்காது என்பதையும் நம்புகிறேன், மாமியின் பிளக்கை வாங்கிப் பார்த்தபோது அவர் முகம் மாறியதை நான் கண்டேன்.

முறைப்பாடு செய்ய முடியுமா என்றால், முடியும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி வாங்குபவர் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும், பொய்யான தரம் சொல்லி விற்பதும் குற்றம். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மாமியின் விசயத்தில் எங்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போனதற்குக் காரணம், பில் இல்லை, பெட்டியை அன்றைக்கே அடுப்பில் போட்டு எரித்துவிட்டோம், விற்றவர் வேறு பெட்டி காட்டி இது என்னுடையது இல்லை என்று சொல்லியிருந்தால் மறுக்க எங்களிடம் எதுவும் இல்லை. அச்சடித்த பில் இல்லாவிட்டால் கொப்பித் தாளில் திகதி, சாமான், விலை, விற்பவர் பெயர், கையெழுத்து வாங்கச் சொன்னார் சேர். எழுதித் தரமாட்டேன் என்கிறவரிடம் மின்சாரச் சாமான் வாங்க வேண்டாம். பெட்டியைச் சாமான் இருக்கிற வரைக்கும் வைத்திருங்கள், எரிந்து போனாலும் எரிந்ததை எறியாதீர்கள்.

மூன்று கிழமை கழித்துச் சந்தைக்குப் போனேன். அந்தத் தம்பியின் பாயில் ஒரு ஓரமாகக் காந்தத் துண்டு ஒன்று நூலில் கட்டிக் கிடந்தது, பெண்கள் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். கம்பனிப் பெயர் போட்ட கோட் ஒன்றும் இல்லை. பெயரே இல்லாத, இரண்டு பின் உள்ள சின்ன வயர்கள் வைத்திருந்தார், போனுக்கும் பல்ப்புக்கும் மட்டும் என்று பேனையால் அட்டையில் எழுதி. மிச்சக் கோட் பதினொன்றையும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கொழும்புக்குத் திருப்பி அனுப்பினேன், காசு இன்னும் வரவில்லை என்றார்.